கோணலான டி.சி. படம்: நான்கு மூலைகளும் ஒரு வட்ட முத்திரையும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றி வாழும் எங்கள் குடும்பங்களில் பழைய காகிதங்கள் எல்லைக்கு இரு புறமும் சிதறிக் கிடப்பது வழக்கம். படித்தது இந்தப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளியாக இருக்கும். சான்றிதழ் இருப்பதோ பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ யாராவது ஒருவர் வீட்டு பீரோவில் இருக்கும். சித்தியின் பேத்திக்காகச் செய்த ஒரு விண்ணப்பத்தில் சித்தியின் பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழை, அதாவது டி.சி.யை, இணைக்க வேண்டியிருந்தது. அசல் உடுமலையில் சித்தி மகனிடம் இருந்தது. அவன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அந்தப் படத்தைப் பதிவேற்றத்துக்குத் தகுதியாக்கிய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நல்ல வெளிச்சத்தில் நேராக எடுத்த படத்துக்கு இவ்வளவு வேலை இல்லை.

முதலில் அந்தப் படத்தின் நிலையைச் சொல்ல வேண்டும். தாளைக் கட்டிலின் மேல், கட்டம் போட்ட போர்வையில் வைத்து, காலடிப் பக்கம் நின்றபடி சாய்வாக எடுத்திருந்தான். அதனால் தாளின் கீழ் விளிம்பு அகலமாகவும் மேல் விளிம்பு அதில் ஐந்தில் நான்கு பங்காகவும் தெரிந்தது. ட்யூப்லைட் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்ததால், கைபேசியும் கையும் சேர்ந்து வலது கீழ்ப்புறத்தில் ஒரு நிழலைப் போட்டிருந்தன. அந்த நிழலுக்குள்தான் பிறந்த தேதி, தலைமை ஆசிரியரின் பச்சை மைக் கையெழுத்து, ஊதா நிற வட்ட முத்திரை ஆகிய மூன்றும் இருந்தன. படிவத்தின் அச்சு மலையாளத்தில். நிரப்பியிருந்தது நீல மையில், பெயர் மட்டும் தமிழிலும் மலையாளத்திலுமாக இரண்டு முறை. வலது மேல்மூலை பல ஆண்டுகளாக மடிந்து, நுனி உதிர்ந்து போயிருந்தது.

எந்தச் செயலியையும் திறப்பதற்கு முன் படத்தின் அளவைப் பார்த்தேன். வாட்ஸ்அப் வழக்கமான முறையில் படத்தை அனுப்பும்போது அதைச் சுருக்கிவிடும். எனக்கு வந்த படத்தின் நீளவாக்கில் 1600 பிக்சல்தான் இருந்தது. அதிலும் தாள் முக்கால் பங்கை மட்டுமே நிரப்பியிருந்தது, மீதி போர்வை. ஆகவே தாளின் நீளத்துக்குக் கிடைத்தது சுமார் 1200 பிக்சல். அடிஸ்கேல் வைத்து அளந்து சொல்லச் சொன்னபோது தாள் 8.5 அங்குல அகலமும் 13 அங்குல நீளமும் இருந்தது. அப்படியென்றால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல். கையெழுத்தில் ஒரு புள்ளி, அதாவது மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி, ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். 92 டிபிஐயில் அந்தப் புள்ளிக்கு மூன்று நான்கு பிக்சல்தான் கிடைக்கும். சுத்தப்படுத்தும் எந்த வேலையும் இவ்வளவு சிறிய திட்டைத் தூசி என்று எண்ணித் துடைத்துவிடக்கூடும். பெயரின் கடைசி ‘ன்’ வெறும் ‘ன’ ஆகிவிடும். மலையாளத்தில் எழுதிய பெயரின் மேல் மெய்யைக் காட்ட நிற்கும் சிறு பிறைக்குறியான சந்திரக்கலைக்கும் இதே கதிதான்.

ஆகவே அவனைக் கூப்பிட்டு, “தம்பி, அதே படத்தை டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பு, போட்டோவாக அனுப்பாதே” என்றேன். “ரெண்டும் ஒண்ணுதானுங்கண்ணா?” என்று கேட்டுக்கொண்டே அனுப்பினான். இந்த முறை வந்தது 4000 பிக்சல் நீளமுள்ள அசல் கோப்பு. அதே முக்கால் பங்குக் கணக்கில் தாளுக்கு 3000 பிக்சல், அங்குலத்துக்கு 230. புள்ளி ஒன்பது பிக்சல் அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. கைபேசியை மாற்றவில்லை, படத்தை மறுபடி எடுக்கவும் இல்லை. அனுப்பும் வழியை மாற்றியதிலேயே இரண்டரை மடங்கு விவரம் திரும்பக் கிடைத்தது. ஸ்கேனர் செயலி செய்யப்போகும் வேலை முழுவதும் இதை நம்பித்தான் இருக்கிறது, ஏனென்றால் படத்தில் இல்லாத கோட்டை அது வரைந்து தராது.

செயலியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆண்ட்ராய்டு கைபேசியில் கூகுள் டிரைவ் செயலிக்குள்ளேயே ஸ்கேன் வசதி உண்டு. ஐபோனில் நோட்ஸ் செயலிக்குள் உண்டு. தனியாக அடோபி ஸ்கேன் போன்றவையும் உண்டு. ஒரு காலத்தில் எல்லோர் கைபேசியிலும் இருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூன் இறுதியில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளின் பட்டியலில் இடம்பெற்றது. எதை எடுத்தாலும் இந்த வேலைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: கேமராவில் புதிதாக எடுப்பது மட்டுமல்லாமல், கேலரியில் ஏற்கெனவே இருக்கும் படத்தை உள்ளே எடுத்துக்கொள்ளவும் அது இடம் தர வேண்டும். அந்த வசதி இல்லாத செயலியை வைத்துக்கொண்டு, ஒரு கைபேசியின் திரையில் படத்தைத் திறந்து, அதை இன்னொரு கைபேசியால் ஸ்கேன் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திரையின் பிக்சல் வரிசையும் கேமராவின் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று மோதி, எழுத்துகளின் மேல் அலை அலையாக வண்ணக் கோடுகள் படியும். அதைப் பிறகு எந்த ஃபில்டராலும் எடுக்க முடியாது.

படத்தை உள்ளே எடுத்ததும் செயலி தானாகவே தாளின் எல்லையைக் கண்டுபிடித்து ஒரு நாற்கரத்தை வரைந்து காட்டியது. அது தாளின் எல்லையாக இல்லை. போர்வையில் இருந்த வெள்ளைக் கட்டத்தின் கோடு தாளுக்கு இணையாக, அதைவிடத் தெளிவாக ஓடியதால், இடது பக்க எல்லையை அந்தக் கோட்டின் மேல் போட்டிருந்தது. இதில் செயலியின் மேல் குற்றமில்லை. வெளிச்சம் சட்டென்று மாறும் நீண்ட நேர்கோடுகளைத்தான் அது தேடுகிறது. கட்டம் போட்ட போர்வை அவற்றை வாரி வழங்குகிறது. வெள்ளைத் தாளை வெள்ளை மொசைக் தரையில் வைத்தால் இதற்கு நேர்மாறாக எல்லையே கிடைக்காமல் திணறும்.

மூலைகளைக் கையால் நகர்த்தும்போது, விரல் மறைக்கும் இடத்தை ஒரு சிறு வட்டத்தில் பெரிதாக்கிக் காட்டும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. அந்த வட்டத்தைப் பார்த்தே கைப்பிடியை வைக்க வேண்டும். கண்ணளவில் வைத்தால் எளிதாகப் பத்துப் பதினைந்து பிக்சல் தவறும். அது ஒரு மூலையில் மட்டும் நேர்ந்தால் அந்தப் பக்கத்து வரிகள் எல்லாம் விசிறிபோல லேசாக விரியும். மூன்று மூலைகளில் சிக்கல் இருக்கவில்லை. நுனி உதிர்ந்த வலது மேல்மூலையில் மட்டும் கைப்பிடியைத் தாளின் மீதே வைக்க ஆசை எழும். அப்படி வைத்தால் செயலி அந்த உதிர்ந்த இடத்தையே மூலையாக எண்ணி, தாளின் மேல் வலப்புறத்தை வெளியே இழுத்துவிடும். மேல் விளிம்பும் வலது விளிம்பும் நேராக நீண்டு சென்றால் எங்கே சந்திக்குமோ அந்த இடத்தில், அதாவது போர்வையின் மேல், கைப்பிடியை வைத்தேன். முடிந்த பக்கத்தில் அந்த மூலையில் ஒரு சிறு முக்கோணம் போர்வைத் துணியாகத் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு வழியும் உண்டு. டி.சி. படிவத்தைச் சுற்றி இரட்டைக் கோட்டில் ஒரு சட்டம் அச்சிட்டிருந்தது. மூலை படத்துக்கு வெளியே போய்விட்டிருந்தால் தாளின் விளிம்பை விட்டுவிட்டு அந்தச் சட்டத்தின் நான்கு மூலைகளையே பிடிக்கலாம்; அச்சுக் கோடு தாளின் விளிம்பைவிட நேரானது, தேயாதது. ஆனால் சட்டத்துக்கு வெளியே, மேலே, சான்றிதழின் வரிசை எண் இருந்தது. அது வெட்டுப்பட்டால் விண்ணப்பம் திரும்பி வருவதற்கு அதுவே காரணமாகிவிடும் என்பதால் தாளின் மூலைகளையே வைத்துக்கொண்டேன். சட்டத்தைச் சரிபார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தினேன்.

கிராப் முடிந்ததும் பக்கம் நிமிர்ந்துவிட்டது, வரிகள் கிடையாக இருந்தன. பார்க்கத் திருப்தியாக இருக்கும் இந்த இடத்தில்தான் ஒரு கோளாறு ஒளிந்திருக்கும். கோணலை நீக்கும்போது செயலி நாற்கரத்தைச் செவ்வகமாக்குகிறது. அந்தச் செவ்வகம் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்பதை அது ஊகிக்க வேண்டியிருக்கிறது. சாய்வாக எடுத்த படத்தில் தாளின் நீளம் குறுகித் தெரியும், ஆகவே பக்கங்களின் நீளத்தை மட்டும் வைத்துக் கணித்தால் பக்கம் குட்டையாகிவிடும். அதைத் தவிர, பல செயலிகளில் தாளின் அளவு முன்கூட்டியே ஏ-4 என்று அமைந்திருக்கும். சில அதற்குள் படத்தை இட்டு ஓரத்தில் வெள்ளை விடும், சில அளவுக்கேற்ப இழுத்துவிடும். எழுத்துகள் எட்டு விழுக்காடு குட்டையானால் கண்ணுக்குத் தெரியாது, கையெழுத்துதானே என்று விட்டுவிடுவோம்.

வட்ட முத்திரை அப்படி விடாது. முத்திரையைத் திரையில் பெரிதாக்கி, ஸ்கேலைத் திரையின் மேல் வைத்து அளந்தேன். அகலம் 34 மில்லிமீட்டர், உயரம் 31. வட்டம் முட்டையாகியிருந்தது. கணக்கும் சரியாக ஒத்துப்போனது: 13 அங்குல நீளத்தை 8.5 ஆல் வகுத்தால் 1.53, ஏ-4 தாளின் விகிதம் 1.41, இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி எட்டு விழுக்காடு, 34இல் எட்டு விழுக்காடு போனால் 31. நீளமான பழைய தாளை ஏ-4க்குள் அமுக்கியிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. தாள் அளவு என்ற அமைப்பில் ஏ-4ஐ எடுத்துவிட்டு, படத்துக்கு ஏற்ற அளவு என்பதைத் தேர்ந்தெடுத்தேன். லீகல் என்று ஓர் அளவும் இருந்தது, ஆனால் அது 8.5க்கு 14; இந்தத் தாளுக்கு அது ஒரு அங்குலம் கூடுதல். மறுபடி அளந்தபோது 34க்கு 33 வந்தது. இதற்கு மேல் மெனக்கெடவில்லை; ரப்பர் முத்திரை குத்துகிற கை சற்றே வழுக்கினாலும் அவ்வளவு வேறுபாடு வரும். முத்திரை இல்லாத தாளில் சதுரக் கட்டமோ, ஒட்டியிருக்கும் புகைப்படமோ, அச்சிட்ட சின்னத்தின் வட்டமோ இதே வேலைக்கு உதவும்.

தாளின் நடுவில் மடிப்பு ஒன்று ஓடியது. அந்த இடத்தில் மட்டும் இரண்டு வரிகள் லேசாக வளைந்தே இருந்தன. நான்கு மூலைகளைக் கொண்டு செய்யும் திருத்தம், தாள் பலகைபோலத் தட்டையாக இருக்கிறது என்ற அனுமானத்தில் நடப்பது. மடிப்பின் மேடு பள்ளத்தை அது அறியாது. மெத்தையின் மேல் வைத்தது மடிப்பை இன்னும் தூக்கிக் காட்டியது. எழுத்து படிக்கும்படி இருந்ததால் அதை அப்படியே விட்டேன்.

அடுத்தது நிழல். வரிசை முக்கியம்: கிராப்பை முடித்துவிட்டுத்தான் ஃபில்டருக்குப் போக வேண்டும், ஏனென்றால் ஓரத்தில் கருநீலப் போர்வை கிடக்கும்போது, எது தாள் எது பின்புலம் என்று செயலி போடும் கணக்கு ஓரங்களில் கெட்டுப்போகும்.

நிழலை நீக்குவது எப்படி முடிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எந்த ஃபில்டர் எதைக் கெடுக்கும் என்பதும் விளங்கும். படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச மதிப்பு இருக்கிறது. வெளிச்சமான இடத்தில் தாளின் மதிப்பு 210, மையின் மதிப்பு 70 என்று வைத்துக்கொள்வோம். நிழலுக்குள் தாள் 90க்கு இறங்கும், மையும் கூடவே 30க்கு இறங்கும். இரண்டு இடத்திலும் மை, தாளின் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே செயலி ஒவ்வொரு இடத்திலும் சுற்றியுள்ள தாளின் வெளிச்சம் எவ்வளவு என்று மதிப்பிட்டு, அதனால் வகுத்துவிட்டால், நிழலும் வெளிச்சமும் ஒரே வெள்ளையாகிவிடும், எழுத்து மட்டும் நிற்கும். நிழலில் மூழ்கிய எழுத்து தொலைந்த எழுத்தன்று.

லேமினேட் செய்த தாளிலோ வழவழப்பான தாளிலோ விளக்கு பளிச்சென்று பிரதிபலிக்கும் இடம் இதற்கு எதிரானது. அங்கே தாளும் 255, மையும் 255. வகுப்பதற்கு அங்கே விகிதமே இல்லை. ஆகவே ஒரு படத்தைத் திருத்தலாமா, திரும்ப எடுக்கச் சொல்லலாமா என்று முடிவு செய்யும்போது நான் பார்ப்பது கருமையை அல்ல, வெளுப்பை. இந்தப் படத்தில் பளபளப்பு எங்கும் இல்லை, அதனால்தான் திருத்த உட்கார்ந்தேன்.

செயலி முதலில் தானாகப் போட்டது கருப்பு-வெள்ளை ஃபில்டர். அச்செழுத்துகள் புத்தகம்போல எழுந்து நின்றன. நிழல் இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தபோது முத்திரையின் கீழ்ப்பாதி காணாமல் போயிருந்தது. பச்சைக் கையெழுத்தின் கடைசிச் சுழி துண்டு துண்டாகியிருந்தது. பெயரில் இருந்த இரண்டு மெய்யெழுத்துப் புள்ளிகளில் ஒன்று இல்லை. கருப்பு-வெள்ளை என்பது ஒவ்வொரு பிக்சலையும் கருப்பா வெள்ளையா என்று இரண்டில் ஒன்றாகத் தீர்ப்பது. வெளிறிய ஊதாவும் தேய்ந்த பச்சையும் அந்தத் தீர்ப்பில் தாளின் பக்கம் போய்விடும். இன்னொரு பக்கம், நிழலுக்குள் கேமரா பதிந்த மணல்போன்ற இரைச்சலைச் சில இடங்களில் கருப்பு என்று தீர்த்து, பிறந்த தேதியைச் சுற்றி மிளகு தூவியதுபோல ஆக்கியிருந்தது. 1 என்ற எண்ணுக்கு அருகில் அப்படி ஒரு புள்ளி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சாம்பல் நிற ஃபில்டரில் முத்திரை முழுதாகத் திரும்பியது, புள்ளியும் திரும்பியது. கையெழுத்தும் முத்திரையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்த இடத்தில் மட்டும் இரண்டும் ஒரே சாம்பலாகக் கலந்து, எது எது என்று பிரிக்க முடியவில்லை. நிறத்தை விட்டுவைக்கும் ஃபில்டரில் பச்சையும் ஊதாவும் தனித்தனியே தெரிந்தன. அதைத்தான் எடுத்துக்கொண்டேன். இந்த ஃபில்டரை முழு வலுவில் வைத்தால் நீல மை கண்ணைக் கூசும் அளவுக்கு ஏறிவிடும், மடிப்பின் பழுப்புக் கறையும் ஆரஞ்சாகிவிடும். வலுவைக் கூட்டிக் குறைக்கும் கோட்டைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்தினேன். தாள் முழு வெள்ளையாகவில்லை, லேசான தந்த நிறத்தில் இருந்தது. பழைய சான்றிதழுக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது, பளீர் வெள்ளையைக் கண்டால் எனக்கே சந்தேகம் வரும்.

நிழலின் உடல் போய்விட்டாலும் அதன் ஓரம் மெல்லிய சாம்பல் கோடாக நின்றது. சுற்றியுள்ள வெளிச்சத்தை மதிப்பிடும் கணக்கு, சற்றுப் பரந்த இடத்தின் சராசரியை எடுப்பது. வெளிச்சம் படிப்படியாக மாறினால் அது கூடவே போகும், சட்டென்று மாறும் கூர்மையான ஓரத்தில் தடுமாறும். ட்யூப்லைட் நீளமானது என்பதால் நிழலின் ஒரு பக்கம் மெதுவாக மங்கியிருந்தது, அங்கே தடயமே இல்லை. ட்யூபின் நீளத்துக்கு இணையாக இருந்த ஓரம்தான் கூர்மையாக விழுந்து கோடாக மிஞ்சியது. சிறிய எல்.இ.டி. பல்பின் கீழ் எடுத்திருந்தால் எல்லா ஓரமும் அப்படி ஆகியிருக்கும்.

செயலியில் ஒரு துடைப்பான் கருவி இருக்கிறது. விரலால் தேய்த்தால் கறையையும் விரல் நுனியையும் நிழல் கோட்டையும் நீக்கி, அங்கே தாளின் நிறத்தை நிரப்பும். அந்தச் சாம்பல் கோடு காலியான ஓரத்தில் ஓடிய பகுதியில் மட்டும் அதைப் பயன்படுத்தினேன். பிறந்த தேதியின் வரியை அது கடக்கும் இடத்தைத் தொடவில்லை. கருவி எழுத்தை விட்டுக் கோட்டை மட்டும் நீக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. அதைவிடப் பெரிய காரணம், தேதிக்கு அருகில் தாளின் இழை திடீரென வழுவழுப்பாகத் தெரிந்தால், சரிபார்ப்பவர் அதைத் திருத்தமாக எண்ணலாம். மெல்லிய நிழல் கோட்டினால் யாரும் விண்ணப்பத்தைத் தள்ளுவதில்லை, தேதியில் கை வைத்ததுபோலத் தெரிந்தால் தள்ளுவார்கள். இதே காரணத்தால், உதிர்ந்த மூலையில் தெரிந்த போர்வை முக்கோணத்தையும் அப்படியே விட்டேன்.

பின்பக்கத்தையும் அதே போர்வையில் வைத்து எடுத்து அனுப்பியிருந்தான், அது வேறு கதை. அங்கே பள்ளியின் குறிப்பு ஒன்று இரண்டு வரியில் இருந்தது. அதே அமைப்புகளோடு ஃபில்டரைப் போட்டதும், முன்பக்கத்து முத்திரையும் கையெழுத்தும் இடவலம் மாறிய நிழலாக எழுந்து, குறிப்பின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டன. தாள் மெல்லியது, அதன் வழியே ஊடுருவும் வெளிச்சம், கீழே இருக்கும் போர்வையின் வெள்ளைக் கட்டங்களில் பட்டுத் திரும்பி வரும்போது மறுபக்க மையையும் சேர்த்துக் காட்டுகிறது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்ததை, வேறுபாட்டைக் கூட்டும் ஃபில்டர் எழுத்தின் தரத்துக்கு உயர்த்திவிட்டது. ஃபில்டரைக் குறைத்தால் குறிப்பும் மங்கியது. செயலிக்குள் இதற்கு வழி இல்லை என்று தெரிந்ததும், பின்பக்கத்தை மட்டும் மறுபடி எடுக்கச் சொன்னேன்.

இம்முறை எப்படி எடுக்க வேண்டும் என்பதைத் தொலைபேசியிலேயே சொன்னேன். தாளுக்கு அடியில் கருப்புச் சார்ட் காகிதம் ஒன்றை வைக்க வேண்டும். ஊடுருவிய வெளிச்சத்தைக் கருப்பு விழுங்கிவிடுவதால் மறுபக்க மை பெரும்பாலும் அடங்கிவிடும், தாளின் எல்லையும் செயலிக்குத் தெளிவாகக் கிடைக்கும். மெத்தையை விட்டு மேசைக்கு வர வேண்டும். மடிப்பை எதிர்ப்பக்கமாக மடக்கி நிமிர்த்தக் கூடாது, பழைய தாள் அந்தக் கோட்டிலேயே பிய்ந்துவிடும். கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைத்தால் போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு, நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்தில், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி மேசையைப் போட வேண்டும். கைபேசியைக் கிட்டே கொண்டுபோகாமல் சற்று உயரத்தில் தாளுக்கு நேர் மேலே பிடித்து, லேசாக ஜூம் செய்து எடுத்தால், கையின் நிழலும் தாளில் விழாது, ஓரக் கோடுகளும் வளையாது. ஃபிளாஷ் வேண்டாம்; அது நடுவில் ஒரு வெளுத்த வட்டத்தைப் போட்டு, நான் முன்பு சொன்ன 255 சிக்கலைத் தானே உண்டாக்கிவிடும்.

“இவ்வளவு தெரிஞ்சிருந்தா முன்பக்கத்தையும் இப்படியே எடுத்திருப்பேனுங்கண்ணா” என்றான். எடுத்தும் அனுப்பினான். ஆனால் புத்தகத்தின் அடியில் வைக்கும்போது உதிர்ந்த மூலை இன்னும் கொஞ்சம் நொறுங்கி, வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தின் வால் போய்விட்டிருந்தது. எனவே முன்பக்கத்துக்கு முதலில் எடுத்த கோணல் படமே தகுதியானதாக நின்றது. பின்பக்கத்துக்குப் புதிய படத்தில் நான்கு மூலைகளையும் செயலி தானே சரியாகப் பிடித்தது, ஃபில்டர் மட்டும் போட்டேன், நிமிட வேலை.

இரண்டு பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கியதும் கோப்பின் எடை இடித்தது. பதிவேற்றும் தளம் 500 கேபிக்கு மேல் ஏற்காது. எனக்கு வந்தது ஏறத்தாழ அதன் இரு மடங்கு. இங்கேதான் பலர் கருப்பு-வெள்ளைக்குத் திரும்பிப் போகிறார்கள், ஏனென்றால் அதில் கோப்பு மிகச் சிறிதாகும். அதற்குப் பதிலாக நிறத்தை வைத்துக்கொண்டு அளவைக் குறைத்தேன். 200 டிபிஐயில் இந்தத் தாள் 1700க்கு 2600 பிக்சல். 150 டிபிஐயில் 1275க்கு 1950. பரப்பில் பார்த்தால் அது கிட்டத்தட்டப் பாதி. 150இல் மெய்யெழுத்துப் புள்ளிக்கு ஆறு பிக்சல் கிடைக்கும், அது போதும். முன்பக்கத்தை 150இல் வைத்து, பின்பக்கத்தைச் சாம்பல் நிறமாக்கினேன், அங்கே நிறத்துக்கு வேலை இல்லை. கோப்பு 500க்குள் அடங்கியது. நிழலையும் தாளின் சொரசொரப்பையும் முன்பே நீக்கியிருந்ததும் இதற்கு உதவியது. ஜேபெக் சுருக்கம் சமமான வெள்ளையை எளிதில் அடக்கும், இரைச்சலை அடக்கத்தான் இடம் தின்னும். இந்த அளவுக் குறைப்பை ஒவ்வொரு முறையும் அசல் படத்திலிருந்தே செய்ய வேண்டும். ஏற்கெனவே சுருக்கிய கோப்பை மறுபடி மறுபடி சுருக்கினால் எழுத்துகளைச் சுற்றிக் கொசுக்கூட்டம்போல ஒரு மங்கல் சேர்ந்துகொண்டே போகும்.

கோப்பின் பெயரை இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்துகளில் வைத்து, கொழிஞ்சாம்பாறையில் உள்ள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் சித்தி பேத்தி பதிவேற்றினாள். பதிவேற்றிய பிறகு தளத்திலிருந்தே அந்தக் கோப்பைத் திரும்ப இறக்கித் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தேன், ஏனெனில் சில தளங்கள் தம் பங்குக்கு இன்னொரு முறை சுருக்குகின்றன. நான்கு இடங்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள்: வரிசை எண்ணின் கடைசி இலக்கம், பெயரின் ‘ன்’, பிறந்த தேதி, முத்திரையும் கையெழுத்தும் குறுக்கிடும் இடம். நான்கும் கைபேசியில் இருந்தபடியே இருந்தன. முதல் கோணல் படத்தின் 4000 பிக்சல் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன். வரிசை எண்ணின் அந்த வால் இப்போது தாளில் இல்லை, அதில்தான் இருக்கிறது.